தக்க அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவுவது குட்டியின் வேலை. யாரும் அதை அவள் தலையில் கட்டியதில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள், பிறகு வேறு யாரையும் கிட்டே விட்டதில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, முதலில் கண்ணாடி டம்ளர்கள், அப்புறம் தட்டுகள், எல்லாம் முடிந்த பிறகுதான் அடிப்பிடித்த சட்டி. வரிசை மாறினால் அவளுக்குக் கை ஓடாது.

நாற்பது வயதானவளை வீட்டில் இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணன் வைத்த பெயர். ஏழு வருடங்களுக்கு முன்னால், நான்கு வருடக் கல்யாண வாழ்க்கையை ஒரு பெட்டியில் அடைத்துக்கொண்டு அவள் இந்த வீட்டுக்கு வந்து நின்றபோது, அண்ணன் கதவைத் திறந்து, "வா குட்டி, சாப்டியா?" என்றான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கல்யாணம் சண்டை போட்டு முடியவில்லை. புருஷன் கெட்டவனும் இல்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சோபாவின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தால் பேச ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். ஒரு நாள் இருவரும் சேர்ந்து அதை ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் சேர்ந்து எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான் என்று குட்டி பிற்பாடு சொல்வாள்.

இப்போது அவளுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. காசுக்காக இல்லை, சம்பளம் இருக்கிறது. தங்கும் இடத்துக்காகவும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு நடந்ததைச் சொல்லவும், அவன் அன்றைக்கு நடந்ததைக் கேட்கவும் ஒரு ஆள். இதைப் பாத்திரம் கழுவிக்கொண்டே, அண்ணியைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

அண்ணி அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "போனைக் கொடு."

"கையெல்லாம் சோப்பு அண்ணி."

"அதான் நான் இருக்கேன்ல." சாப்பாட்டு மேஜையில் கிடந்த குட்டியின் போனை எடுத்து, பூட்டையும் திறந்துவிட்டாள். பூட்டு எண் என்ன என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். துணை தேடும் ஆப் ஒன்று இறங்கியது. போட்டோக்கள் ஏறின. வயது, உயரம் எல்லாம் அண்ணியே போட்டாள்.

"பயோன்னு ஒண்ணு கேக்குது. உன்னைப் பத்தி எழுதணும்."

"என்னைப் பத்தி என்ன இருக்கு?"

"பேசாம இரு. எழுதறது எனக்குத் தொழில்."

அது உண்மை. அண்ணி ஒரு வீட்டுத் தரகர் ஆபீசில் வாடகை விளம்பரங்கள் எழுதுகிறாள். ஜன்னல் ஒன்று இருந்தால் காற்றோட்டமான வீடு. ஜன்னல் இல்லாவிட்டால் அமைதியான வீடு. அவள் விளம்பரங்களில் பஸ் ஸ்டாப் எப்போதும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கும். எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பது மட்டும் இருக்காது.

சட்டியைச் சுரண்டி முடிப்பதற்குள் எழுதிவிட்டாள். வாசித்துக் காட்டினாள். "வாழ்க்கையின் ஒவ்வொரு நொடியையும் ரசிப்பவள். பயணம், இசை, நல்ல சிரிப்பு இவையே என் உலகம். மலைகள் என்னை அழைக்கின்றன. மழை நாளில் சூடான காபியோடு என்னோடு கைகோக்க நீங்கள் தயாரா?"

அடுத்த அறையில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. "மலை எப்ப அழைச்சுது?" என்றான் அண்ணன். "ரெண்டாவது மாடி ஏறறதுக்கே நடுவுல நின்னு மூச்சு வாங்குவா."

"நீங்க பேப்பர் படிங்க. உங்களைக் கேக்கல."

குட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். "இது யாரு அண்ணி?"

"நீதான். கொஞ்சம் வெள்ளையடிச்சிருக்கேன்."

வாரம் ஓடியது. வெள்ளையடித்த குட்டியைப் பலருக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்து மேட்ச் ஆனவர்கள் சிலர். ஆனதும் ஆளாளுக்கு ஒரே செய்தி: ஹாய். ஹலோ. ஹாய், எப்படி இருக்கீங்க. நல்லா இருக்கேன் என்று அவள் போட்டால் அதோடு முடிந்தது. ரொம்பவும் மெனக்கெட்ட ஒருவர், காபி பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்றாள். எனக்கும் என்றார். அதற்கப்புறம் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். காபி பிடிக்காதவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று அவளுக்குத் தோன்றியது.

மலைதான் மானத்தை வாங்கியது. ஒருவர் நிஜமாகவே மலையேறுகிறவர். எந்தப் பக்கமாக ஏறுவீர்கள், என்ன பூட்ஸ் போடுவீர்கள், அடுத்த மாதம் ஒரு குழு போகிறது வருகிறீர்களா என்று ஆசை ஆசையாகக் கேட்டார். நல்ல மனுஷர். குட்டி மதிய இடைவேளை முழுக்க யோசித்து, மலை விஷயம் என் அண்ணி எழுதியது, மன்னிக்கவும் என்று எழுதினாள். வேறு எதெல்லாம் அண்ணி எழுதியது என்று அவர் கேட்டார். எல்லாமே என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. அன்றைக்கே பயோவை அழித்துவிட்டாள்.

புதியதை ஆபீசில் உட்கார்ந்து அவளே எழுதினாள்.

அவள் ஆபீஸ் பஸ் நிலையத்தின் பின்பக்கம், தொலைந்த பொருள்களின் அலுவலகம். பஸ்ஸில் யார் எதை மறந்துவிட்டுப் போனாலும் அங்கேதான் வந்து சேரும். முன்னால் ஒரு கவுன்ட்டர், அதில் அவள். பின்னால் அலமாரி அலமாரியாக ஒரு நீள அறை, அதில் குடோன். ஆள் பெயர் வேறு ஏதோ. எந்தப் பொருளைக் கேட்டாலும் "குடோன்ல இருக்கு" என்று பதில் சொல்லிச் சொல்லி அவரே குடோன் ஆகிவிட்டார். குடைகள், ஒற்றைக் கையுறைகள், டிபன் டப்பாக்கள், ஒரு டிராயர் நிறைய பல் செட்டுகள், போன மாதம் வந்த ஒரு ஊன்றுகோல் என்று அந்த அறையில் இல்லாதது இல்லை.

வந்த பொருளைப் பற்றி அறிவிப்பு எழுதுவது குட்டியின் வேலை. அந்த எழுத்துக்கு ஒரு முறை உண்டு. பொருள் என்ன என்று சொல்ல வேண்டும்; ஆனால் முழுக்கச் சொல்லிவிடக் கூடாது. பெண்கள் கைப்பை, பழுப்பு நிறம், நல்ல நிலையில், தக்க அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும் என்று நிறுத்திவிட வேண்டும். உள்ளே பழைய பஸ் டிக்கெட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பதையும், ஜிப்பின் பிடி போய் அதற்குப் பதிலாக ஊக்கு மாட்டியிருப்பதையும் எழுதக் கூடாது. அதெல்லாம் எழுதிவிட்டால் எந்தத் திருடனும் வந்து அதே அடையாளத்தைத் திருப்பிச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுவான். எது அந்தப் பையை அந்தப் பையாக்குகிறதோ, அதை வாயைத் திறந்து சொல்லாமல் இருப்பதுதான் உத்தியோகம். பதினொரு வருடமாக அதைச் செய்து அவள் கை பழகிவிட்டது.

அந்தக் கையோடு பயோ எழுதினாள். "வயது நாற்பது. நடுத்தர உயரம். அலுவலக வேலை. குடும்பத்தோடு வசிக்கிறேன். அமைதியான சுபாவம். பொய் சொல்பவர்களும் நேரத்தை வீணடிப்பவர்களும் வேண்டாம்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. திருப்தியாக இருந்தது. குடோன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நல்ல நிலையில்னு போடல?"

"அண்ணே, போய் வேலையைப் பாருங்க."

"இல்லம்மா, வழக்கமா போடுவியே."

இந்த முறை கூட்டம் குறைந்தது. வந்த சிலரில் ஒருவரின் பக்கத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல் செட் செய்கிறவர். டாக்டர் இல்லை, டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து ஒரு சின்ன பட்டறையில் பல்லைச் செய்கிறவர். அவர் எழுதியிருந்தது இது: "நான் செய்த பற்கள் தெருவில் சிரித்துக்கொண்டு போனால் எனக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்லமாட்டேன். நடனம் வராது, வரும் என்று நினைத்து இரண்டு கல்யாண வீட்டில் ஆடிவிட்டேன். வீட்டில் பெரிய மீன்தொட்டி இருக்கிறது. மீன் கிடையாது. ஏன் என்று கேட்கலாம்."

கேட்காமல் யாரால் இருக்க முடியும்? மேட்ச் ஆனதும் அவளே முதலில் கேட்டாள். ஏன் மீன் இல்லை?

பதில் பத்திபத்தியாக வந்தது. மீன் வாங்குவதற்கு முன்னால் செடி வாங்கிப் போட்டாராம். செடியோடு ஒரு நத்தை வந்துவிட்டதாம். ஒண்டி ஆள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாராம். ஒண்டியாக வந்தது எப்படிக் குடும்பமானது என்று இன்றுவரை புரியவில்லை, இப்போது தொட்டி முழுக்க அவர்கள்தான், மீனை விட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது, நானே இப்போது அவர்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கிற மாதிரிதான் என்று எழுதியிருந்தார். குட்டி பஸ்ஸில் தனியாகச் சிரித்தாள். பக்கத்து சீட்டுக்காரி சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் அவர் கேட்டார், நீங்க என்ன வேலை? அலுவலக வேலை என்றாள். என்ன அலுவலகம்? போக்குவரத்து என்றாள். வேலை எப்படி? பரவாயில்லை. ஓய்வு நேரத்தில்? வீட்டு வேலை.

எழுதும்போதே தெரிந்தது, இது சரியில்லை என்று. ஆனால் வேறு எப்படி எழுதுவது என்று கைக்குத் தெரியவில்லை. திரையின் அந்தப் பக்கத்தில் ஒருவர் கதவைத் தட்டுகிற மாதிரியும் தான் உள்ளேயிருந்து ஆள் இல்லை என்று பதில் சொல்கிற மாதிரியும் இருந்தது.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. "உங்க பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்தேன். எங்க பிடிச்சுப் பேச்சை ஆரம்பிக்கறதுன்னு தெரியல. உங்களுக்குப் பேச இஷ்டம் இல்லையோன்னும் தோணுது. அப்படின்னா தப்பே இல்லை, சொல்லிடுங்க. நான் தொந்தரவு பண்ணமாட்டேன்."

அதை அவள் கவுன்ட்டரில் நின்றுகொண்டு படித்தாள். சோபாவின் இரண்டு ஓரம் நினைவுக்கு வந்தது. இந்த முறை பேச ஒன்றுமில்லாத ஓரம் தன்னுடையது என்பதும் புரிந்தது.

"மேடம், ஒரு குடை."

எதிரே ஒருவர் நின்றார். வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்க்கிறவர் மாதிரி இஸ்திரி போட்ட சட்டை.

"எந்த பஸ்ல விட்டீங்க?"

"அது சரியா ஞாபகம் இல்லைங்க. ரெண்டு பஸ் மாறுவேன்."

"குடை எப்படி இருக்கும்?"

"கறுப்பு."

"கறுப்புக் குடை உள்ள ஒரு அலமாரி நிறைய இருக்கு சார். வேற என்ன அடையாளம்? கைப்பிடி? கம்பி வளைஞ்சிருக்கா? ஏதாவது கட்டியிருக்கீங்களா, நூல், கயிறு?"

அவர் யோசித்தார். நேர்மையாக யோசித்தார். நெற்றியைக்கூடச் சுருக்கினார். "ஒண்ணும் இல்லைங்க. சாதாரண கறுப்புக் குடை. நல்லா இருக்கும்."

"மடக்கறதா, நீளமா?"

"மடக்கறது. எல்லாக் குடையும் மாதிரிதான்."

"அப்போ எதைன்னு சார் நான் எடுத்துக் கொடுக்கறது?"

"அதானே," என்றார் அவர். அவள் சொன்னதில் அவருக்கு மறுப்பே இல்லை. "உள்ளதான் இருக்கும், ஆனா இதுதான்னு சொல்லத் தெரியலையே." சிரித்துவிட்டு, பரவாயில்லைங்க என்று சொல்லிப் போய்விட்டார்.

குட்டி அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் பயோவைத் திறந்து பார்த்தாள். வயது நாற்பது. நடுத்தர உயரம். அமைதியான சுபாவம். மடக்கறது, எல்லாக் குடையும் மாதிரிதான்.

இதில் திருடன் எங்கே வந்தான்? பையை ஏமாற்றி வாங்குகிறவனிடமிருந்து காப்பாற்ற அடையாளத்தை ஒளிக்கலாம். இங்கே வருகிறவர்கள் யாரும் எதையும் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை. பேச ஒரு பிடி தேடி வருகிறார்கள். பதினொரு வருடம் அவள் எதையெல்லாம் எழுதாமல் விட்டாளோ, ரப்பர் பேண்டு, ஊக்கு, அதெல்லாம்தான் இங்கே எழுத வேண்டியது.

"அண்ணே," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "என்னைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து குடோனின் குரல் மட்டும் வந்தது. "என்னம்மா, போலீஸ் யாராவது வந்திருக்காங்களா?"

"சும்மா சொல்லுங்க."

"சனிக்கிழமை வந்தா உன் தலைமுடி ஈரமா இருக்கும். நீச்சல் குளத்து மருந்து வாசனை அடிக்கும். கேட்டா ஒண்ணும் இல்லைன்னுவே. அப்புறம், யாரும் வாங்க வராத குடையை ஏலத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் விரிச்சுப் பார்ப்பே. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"ஏன்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஒண்ணும் இல்லைன்னுவே," என்றார் குடோன்.

அன்று சாயங்காலம் குட்டி சாப்பாட்டு மேஜையில் போனோடு உட்கார்ந்தாள். அண்ணி எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். போன முறை மாதிரி போனைப் பிடுங்கவில்லை. மலைக்காரர் விஷயத்தில் அவளுக்கும் கொஞ்சம் உறுத்தல் இருந்தது.

"இந்தத் தடவை நான்தான் எழுதுவேன் அண்ணி. நீங்க கேளுங்க, நல்லாயில்லைன்னா சொல்லுங்க. மலை மட்டும் வேண்டாம்."

"மலை போச்சு, விடு. வாசி."

"பஸ்ஸில் மறந்துவிட்ட பொருள்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை."

அண்ணி பட்டாணியிலிருந்து தலையைத் தூக்கினாள். "இது நல்லாருக்கு. இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும். ஆனா இப்படித் தெரியாது. எந்த பஸ் நிலையம்னு போட்டுடாதே. நாளைக்கே எவனாவது கவுன்ட்டர்ல வந்து நிப்பான்."

"அதெல்லாம் போடமாட்டேன். என்ன வேலைன்னு சொல்றேன், எங்கேன்னு சொல்லல." அதில் அவளுக்கு அனுபவம் உண்டு. "அடுத்தது. நாற்பது வயதில் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். இன்னும் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான். என் வகுப்பில் மற்றவர்களுக்கு எட்டு வயது."

"நீச்சலா?" அண்ணியின் கை நின்றது. "நீ சனிக்கிழமை காலையில வாக்கிங் போறேன்னுதானே சொன்னே?"

"நடந்துதான் போறேன்."

"இந்தாங்க, கேட்டீங்களா? உங்க தங்கச்சி நீச்சல் கத்துக்கறாளாம், நமக்கே தெரியாது," என்று அண்ணி உள்ளே பார்த்துச் சொன்னாள். உள்ளேயிருந்து அண்ணன், "மலையை விட இது பரவாயில்ல, கீழேதான் போகணும்," என்றான்.

"இவர் ஒருத்தர். குட்டி, ஓரத்தைப் பிடிச்சுட்டுன்றதை எடுத்துடேன். நீந்தத் தெரியும்னு நினைச்சுக்கட்டுமே."

"அப்புறம் யாராவது கடலுக்குக் கூப்பிடுவாங்க அண்ணி. அதுக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதணும்."

அண்ணி ஒத்துக்கொண்டாள். "சரி, இருக்கட்டும். எட்டு வயசுப் பசங்க நல்லாத்தான் இருக்கு. படிக்கறவனுக்குக் கேக்க ஒண்ணு கிடைக்குது. அவங்க உன்னைக் கிண்டல் பண்றாங்களா?"

"ஒருத்தி பண்றா. எனக்கு மூச்சு விடச் சொல்லித் தர்றதும் அவதான்."

"பாத்தியா, நானே கேட்டுட்டேன். மேல படி."

"பொய் சொல்பவர்களும் நேரத்தை வீணடிப்பவர்களும் வேண்டாம்."

"இது எதுக்கு? வாசல்ல காலிங் பெல் வைக்கறதுக்கு முன்னாடி நாய் ஜாக்கிரதைன்னு போர்டு வைக்கிற மாதிரி. நல்லவன் பயந்து போயிடுவான், பொய் சொல்றவன் இது நமக்கு இல்லைன்னு உள்ள வந்துடுவான்."

குட்டி அதை அழித்தாள். இத்தனை நாள் அந்த வரிதான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று நினைத்திருந்தாள். அழித்ததும் பக்கம் அகலமாகத் தெரிந்தது.

கடைசி வரிக்குத்தான் திண்டாட்டம். பல் செட் டிராயரை எழுதலாமா என்று அவளுக்கு நப்பாசை. பல் செட்டை மறந்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தேடி வருவதே இல்லை. வந்து, இது என் பல், அடையாளம் இது என்று வாயைத் திறந்து காட்ட வெட்கம். எழுதினால் பல்காரர் உடனே பிடித்துக்கொள்வார். அண்ணியிடம் சொன்னாள்.

அண்ணி யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "ஒரு ஆளுக்காக எழுதினா அது பயோ இல்லடி, கடுதாசி. அவன் படிச்சா, நமக்குத் தூண்டில் போடறாங்கன்னு தெரிஞ்சுடும். யார் படிச்சாலும் வாய் திறக்கற மாதிரி ஒண்ணு வை. எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கணும், யாரும் தப்பாச் சொல்லிட முடியக் கூடாது. எங்க ஆபீஸ்ல விளம்பரத்தோட கடைசியில எப்ப பார்க்க வர்றீங்கன்னு ஒரு கேள்வி வைப்போம். தொடர்பு கொள்ளவும்னு போட்டா ஒருத்தன்கூடக் கூப்பிடமாட்டான், கேள்வி கேட்டா பதில் சொல்லத் தோணும்."

அண்ணி சொன்னதில் மிகையே இல்லாதது இது ஒன்றுதான் என்று குட்டிக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தட்டினாள். பிறகு எழுதினாள். "ஒரு பஸ்ஸில் ஊன்றுகோல் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை ஊன்றி ஏறியவர், அதை விட்டுவிட்டு எப்படி இறங்கியிருப்பார்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

ஊன்றுகோல் வந்திருப்பது அறிவிப்பிலேயே இருக்கிறது, அதில் ரகசியம் இல்லை. அதன் பிடியில் என்ன சுற்றியிருக்கிறது என்பதைத்தான் சொல்லக் கூடாது, சொல்லவில்லை.

அண்ணி பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் திரையை வாங்கிப் படித்தாள். "யாரோ தூக்கிட்டு இறங்கியிருப்பாங்க," என்றாள்.

"பொண்டாட்டியா இருக்கும்," என்றான் அண்ணன், பேப்பரோடு வாசலுக்கே வந்து. "புருஷன் பத்திரமா வந்துட்டாரு, கட்டையை விட்டுட்டா."

"ஏன், கட்டையைத் தூக்கிட்டு புருஷனை விட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

ஊன்றுகோல் விவகாரத்தில் வீடே இரண்டாகப் பிரிந்தது. குட்டி அதைக் கேட்டுக்கொண்டே பயோவைச் சேமித்தாள்.

ஆனால் பயோ மாறியது பல்காரருக்குத் தானாகத் தெரியாது. ஆப் அதையெல்லாம் யாருக்கும் சொல்லாது. அவராக மறுபடியும் அவள் பக்கத்தைத் திறந்தால்தான் உண்டு. திரும்பத் திரும்பப் படித்து அலுத்துப் போனவர் எதற்குத் திறக்கப்போகிறார்? குட்டி அவர் செய்தியை மறுபடி படித்தாள். தொந்தரவு பண்ணமாட்டேன். அதற்கு இன்னும் பதில் போடவில்லை. பதில் போடாமல் விட்டால், அவர் சொன்னபடி விலகிக்கொள்வார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

பலமுறை எழுதி அழித்தாள். பிறகு இப்படி அனுப்பினாள்: "பேச ரொம்ப இஷ்டம். எழுதத்தான் தெரியல. என் வேலையில எதையும் முழுசா சொல்லக் கூடாது, அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு மாத்தி எழுதியிருக்கேன். இன்னொரு தடவை மட்டும் படிச்சுப் பாருங்க."

மறுநாள் கவுன்ட்டரில் போன் சும்மா இருக்கவில்லை. முன்பு வந்தவர்கள் ஹாயோடு நிறுத்தினார்கள்; இப்போது புதிதாக வந்தவர்கள் வக்கீல் மாதிரி எழுதினார்கள். அந்த ஊன்றுகோல் அவருடையதே இல்லை, அவரே யாருடையதையோ திருப்பிக் கொடுக்கக் கொண்டு போயிருப்பார் என்றார் ஒருவர். சீட்டுக்காகவே ஊன்றுகோலோடு ஏறுகிற ஆள் என் சித்தப்பா, அவராகத்தான் இருக்கும், முகவரி வேண்டுமானால் தருகிறேன் என்றார் இன்னொருவர். எட்டு வயதுக்காரர்களோடு நீச்சல் பழகுவது பற்றி ஒரு பள்ளி விளையாட்டு ஆசிரியர் அக்கறையாக விசாரித்தார். எல்லாருக்கும் குட்டி பதில் எழுதினாள். எழுத வந்தது. குடோன் இரண்டு முறை வெளியே வந்து, "இன்னைக்கு ஊரே எதையோ தொலைச்சிருக்கு போல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பல்காரரிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, உலர்ந்த துணிகளை மடித்தாள். அண்ணி சோபாவில் லேப்டாப்போடு ஏதோ ஜன்னல் இல்லாத வீட்டுக்கு வரிகள் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணன் தரையில் உட்கார்ந்து மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்றி வைத்திருந்தான்.

"படிச்சானா?" என்றாள் அண்ணி, லேப்டாப்பைப் பார்த்தபடியே.

"தெரியல."

"படிக்கலைன்னா அவனுக்குத்தான் நஷ்டம்."

"இப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணி. எனக்கும்தான் நஷ்டம்." சொன்ன பிறகு, இவ்வளவு வெளிப்படையாகத் தான் சொன்னதில் அவளுக்கே வியப்பு. அண்ணி லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

போன் மேஜையில் அதிர்ந்தது. குட்டி மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு போய் எடுத்தாள்.

"மன்னிக்கணும், இன்னைக்குப் பட்டறையில ஒரு முழு செட், தலை நிமிர முடியல. நேத்தே படிச்சுட்டேன். ஊன்றுகோலை யோசிச்சு யோசிச்சு ஒரு கடைவாய்ப் பல்லைத் திருப்பி வெச்சுட்டேன், மறுபடி செய்யணும். என் கருத்து: அவர் இறங்கவே இல்லை. அந்த பஸ்லயே டிரைவரோட சிநேகமாகி இன்னும் சுத்திக்கிட்டிருக்கார். அது இருக்கட்டும். ரொம்ப நேரமா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன், தொழில் விஷயம், தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்ட பல் செட் வருமா? அதைத் தேடிட்டு யாராவது வருவாங்களா?"

குட்டி சிரித்தது மூக்கு வழியாக வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மடித்த சட்டை கையிலேயே கசங்கியது.

"என்ன, என்ன எழுதியிருக்கான்?" அண்ணி லேப்டாப்பை மூடினாள்.

குட்டி நின்றபடியே எழுத ஆரம்பித்திருந்தாள். ஒரு டிராயர் நிறைய, என்று தொடங்கினாள். யாரும் வரமாட்டாங்க, ஆனா ஒரே ஒருத்தர் வந்தார், அந்தக் கதையைச் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க.

"யாரு குட்டி அது? பல்காரனா?" அண்ணன் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டான்.

"வாசிச்சுத்தான் காட்டேன்," என்றாள் அண்ணி. "நான்தானே கேள்வி வைக்கச் சொன்னேன். எங்களுக்கும் கொஞ்சம் சொல்லேன்."

குட்டியின் கட்டைவிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே நாற்காலியைச் சுற்றி, ரெகுலேட்டரின் திருகுகளை மிதிக்காமல் தாண்டி, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.